ரீஃபண்டை எங்கே வாங்குவது: கார்டிலா, வாலட்டிலா, வங்கிக் கணக்கிலா?

பொருளைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. விற்றவரும் பணத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். கடைசியாகத் திரையில் ஒரு கேள்வி வருகிறது: பணத்தை எங்கே அனுப்பட்டும்? ‘செலுத்திய கார்டுக்கே, 5 முதல் 7 வேலை நாள்’, ‘வாலட்டுக்கு, உடனடியாக’, ‘வங்கிக் கணக்குக்கு, 2 முதல் 3 வேலை நாள்’ என்று மூன்று பொத்தான்கள். எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்கும் வாசகர்கள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கூடவே ஒரு கோபமும் வருகிறது: வாங்கும்போது பணம் ஒரு நொடியில் போனதே, திரும்பி வருவதற்கு மட்டும் ஏன் ஒரு வாரம்?

அந்தக் கோபத்துக்கான பதிலில்தான் மேலே உள்ள கேள்விக்கான விடையும் இருக்கிறது. அதனால் அதையும் சேர்த்தே பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

‘எத்தனை நாள்’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் வாலட்தான் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பணம் எப்போது உங்கள் கைக்கு உதவும் என்பது. திரையில் தெரிகிற நாளும், அந்தப் பணத்தை நினைத்தபடி செலவழிக்க முடிகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது, கொடுத்த தொகை முழுசாகத் திரும்புகிறதா என்பது. மூன்றாவது, வழியில் பணம் காணாமல்போனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கிறதா என்பது. நான்காவது, விற்றவர் ‘அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு அனுப்பாமலேயே இருந்தால், அவரைத் தாண்டிப் போய் முறையிட ஓர் இடம் இருக்கிறதா என்பது.

சின்னத் தொகைக்கு முதல் விஷயம் போதும். தொகை பெரிதாகப் பெரிதாகக் கடைசி இரண்டும்தான் முக்கியமாகின்றன.

## ஒரு நொடியில் போனது பணமா?

கார்டைத் தேய்த்ததும், அல்லது இணையத்தில் ஓடிபி போட்டதும், உண்மையில் நடப்பது ஓர் அனுமதி மட்டும்தான். விற்றவரின் வங்கி உங்கள் வங்கியைக் கேட்கிறது: இவர் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா? உங்கள் வங்கி ‘இருக்கிறது’ என்று சொல்லி, அந்தத் தொகையை வேறு எதற்கும் செலவழிக்க முடியாதபடி ஒதுக்கி வைக்கிறது. அந்தக் கேள்வியும் பதிலும்தான் சில நொடிகளில் முடிகின்றன. பணம் இன்னும் நகரவில்லை.

விற்றவர் பிறகு அந்த அனுமதியைப் பணமாக வசூலிக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்புகிறார். பெரும்பாலும் அன்றைய கோரிக்கைகள் எல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்து அவருடைய வங்கிக்குப் போகும். அந்த வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்குக்குத் தரும். நெட்வொர்க் எல்லா வங்கிகளின் கணக்கையும் கழித்துக் கூட்டி, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும். அதன் பிறகே வங்கிக்கும் வங்கிக்கும் இடையே பணம் கைமாறும். இதற்கு ஓரிரு நாள் ஆகும். ஆனால் வாங்குகிறவருக்கு அந்த நாள்கள் தெரிவதில்லை. ஏனென்றால் அனுமதி கிடைத்த அந்த நொடியிலேயே பொருள் அவருக்கு உறுதியாகிவிடுகிறது. காத்திருப்பு முழுவதும் விற்றவர் பக்கம்.

ரீஃபண்டில் அதே பாதை திரும்புகிறது, காத்திருப்பு மட்டும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. முன்பு கண்ணில் படாத அதே ஓரிரு நாள்தான் இப்போது கண்ணில் படுகிறது. அதற்கு மேல் விற்றவரின் அலுவலகத் தாமதமும், உங்கள் வங்கி வரவு வைக்கும் தாமதமும் சேர்ந்துகொள்கின்றன.

## முதல் வழி: செலுத்திய கார்டுக்கே

இதில் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ரத்து செய்தது வசூல் கோரிக்கை போவதற்கு முன்பா, பின்பா?

முன்பே என்றால் அது ரீஃபண்டே இல்லை. விற்றவர் அந்த அனுமதியை ரத்து செய்தால் போதும். உங்கள் வங்கி ஒதுக்கி வைத்த தொகையை விடுவித்துவிடும். சில மணி நேரத்தில்கூட முடியலாம். ஆனால் விற்றவர் ரத்துச் செய்தியை அனுப்பாமல் சும்மா விட்டுவிட்டால், அந்த ஒதுக்கீடு தானாகக் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சாதாரண வாங்கல்களுக்கு அது ஒரு வாரம் ஆகலாம். ஹோட்டல் அறை, வாடகைக் கார் முன்பணம் போன்றவற்றுக்கு ஒரு மாதம் வரைகூட இழுக்கும்.

இந்த இடத்தில் பலர் குழம்பிப்போகிறார்கள். ஒதுக்கீடு விடுபடும்போது ஸ்டேட்மென்டில் ‘வரவு’ என்று ஒரு வரி வராது. பழைய பற்று வரிதான் மறைந்துபோகும். வரவைத் தேடித் தேடிக் காணவில்லை என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்வதற்கு முன்னால், அந்தப் பற்று இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவே போயிருந்தால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வசூல் முடிந்த பிறகு ரத்து செய்தால்தான் உண்மையான ரீஃபண்ட். இது எதிர்த்திசையில் போகும் ஒரு புதிய பரிவர்த்தனை. ஓர் உதாரணத்தை நாள் நாளாகப் பார்ப்போம்.

2026 பிப்ரவரி 2, திங்கள் அன்று ஒருவர் கிரெடிட் கார்டில் ஒரு பொருள் வாங்குகிறார். திருப்பி அனுப்புகிறார். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு ‘உங்கள் ரீஃபண்ட் அனுப்பப்பட்டது’ என்று மின்னஞ்சல் வருகிறது. உண்மையில் அந்த நேரத்தில் நடந்தது, விற்றவரின் அலுவலகத்தில் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியது மட்டும்தான். அன்றைய கட்டு மாலையே போய்விட்டதால் இவருடைய ரீஃபண்ட் அடுத்த கட்டில் சேர்கிறது. நடுவில் வார இறுதி. விற்றவரின் வங்கி அதை 16ஆம் தேதி திங்களன்று எடுத்து நெட்வொர்க்குக்கு அனுப்புகிறது. 17ஆம் தேதி வாங்கியவரின் வங்கிக்கு அது கிடைக்கிறது. அந்த வங்கி எந்தக் கார்டு, எந்தக் கணக்கு என்று பொருத்திப் பார்த்து 18ஆம் தேதி இரவு வரவு வைக்கிறது. 19ஆம் தேதி வியாழன் காலை அவர் கண்ணில் படுகிறது.

வாங்கியவர் கணக்கில் ஆறு நாள். ‘வேலை நாள்’ கணக்கில் நான்கு. விற்றவர் சொன்ன 5 முதல் 7 வேலை நாளுக்குள் வந்துவிட்டது. யாரும் தவறு செய்யவில்லை, எந்த இடத்திலும் பணம் சிக்கவும் இல்லை. ஆனாலும் வெள்ளி இரவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு வாரமாகத்தான் தெரியும்.

வங்கி வேகமாக இருந்தால் இதில் ஒரு மாற்றம் இருக்கும். ரீஃபண்டுக்கும் வாங்கலைப் போலவே முன்கூட்டியே ஒரு அனுமதிச் செய்தி அனுப்பும் முறையைக் கார்டு நெட்வொர்க்குகள் சில ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்துவிட்டன. அதைக் காட்டுகிற வங்கிச் செயலிகளில், பணம் வருவதற்கு முன்பே ‘வரவு நிலுவையில்’ என்ற வரி தெரியும். இது தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். தெரியாவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, எல்லா வங்கியும் காட்டுவதில்லை.

தேடிப் பிடிக்க ஓர் எண். கார்டு வழியின் மிகப் பெரிய பலம் என்று நான் நினைப்பது இதைத்தான். நெட்வொர்க்குக்குள் போன ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் 23 இலக்க எண் ஒன்று உண்டு. மின்னஞ்சலிலோ ரீஃபண்ட் விவரத்திலோ ARN என்ற பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் விற்றவரிடம் கேட்டு வாங்கலாம். மேலே சொன்ன உதாரணத்துக்கு அது இப்படி இருக்கும் (எண் கற்பனைதான்):

```
7 412345 6047 00000001234 0
```

முதல் இலக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்த ஆறு இலக்கம் விற்றவரின் வங்கியைக் குறிக்கும். அதற்கடுத்த நான்குதான் நமக்கு வேண்டியது. 6047 என்றால், 6இல் முடியும் ஆண்டின் 47ஆவது நாள். ஜனவரியின் 31 நாளைக் கழித்தால் பிப்ரவரி 16. விற்றவர் 13 என்று சொன்னாலும், ரீஃபண்ட் உண்மையில் அவருடைய வங்கியை விட்டுக் கிளம்பிய நாள் அதுதான். உங்கள் காத்திருப்பை அங்கிருந்து எண்ண வேண்டும்.

இந்த எண் இருந்தால் உங்கள் வங்கி அதை வைத்து வரவைத் தேடிப் பார்க்க முடியும். ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த எண்ணை விற்றவரால் நாள்கள் கடந்தும் தர முடியவில்லை என்றால், ரீஃபண்ட் இன்னும் அவர் பக்கத்திலேயே நிற்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஒரு பொதுவான காரணமும் உண்டு. விற்றவர் ரீஃபண்டைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. வாங்குகிறவர்களிடம் பணத்தை வசூலித்து விற்றவருக்குத் தரும் இடைநிலைச் சேவையான பேமென்ட் கேட்வேயில், அவருக்கு வர வேண்டிய புதிய வசூலிலிருந்து அது கழிக்கப்படும். அந்தக் கணக்கில் போதிய பணம் இல்லையென்றால், அவர் பொத்தானை அழுத்தியிருந்தாலும் ரீஃபண்ட் வரிசையில் நிற்கும். வியாபாரம் படுத்துக்கொண்டிருக்கிற ஒரு நிறுவனத்தில் ரீஃபண்டுகள் திடீரென்று தாமதமாவது இதனால்தான்.

மறைந்திருக்கும் செலவுகள். நம் உதாரணத்துக்காரரின் கார்டு பில் 17ஆம் தேதி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீஃபண்ட் 18ஆம் தேதிதான் வரவானது. அப்படியென்றால் அந்த பில்லில் திருப்பி அனுப்பிய பொருளின் விலையும் முழுசாக இருக்கும். ‘அதான் திரும்ப வருகிறதே’ என்று அதைக் கழித்துக்கொண்டு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து. பல வங்கிகள் விற்றவரிடமிருந்து வரும் ரீஃபண்டை நீங்கள் பில்லுக்குக் கட்டிய பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மொத்தக் கடன் குறையும், ஆனால் குறைந்தபட்சத் தொகையைக் கட்டவில்லை என்ற கணக்கு அப்படியே நிற்கும். பில்லில் உள்ளபடி கட்டிவிட்டு, அடுத்த மாதம் குறைவாகக் கட்டுவதே பத்திரம்.

தவணைக்கு மாற்றிய வாங்கல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கார்டுக்கு ரீஃபண்ட் வந்துவிட்டது என்பதால் மட்டும் பல வங்கிகளில் தவணை தானாக நின்றுவிடாது. வங்கிக்குச் சொல்லி அதை மூடச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால் தொகையே குறையலாம். 100 அலகு வெளிநாட்டு நாணயத்துக்கு ஒரு பொருள்; அன்றைய மாற்று விகிதம் 50; வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3 சதவீதம். உங்களுக்கு ஆன செலவு 5,150. திரும்பி வரும் நாளில் விகிதம் 49 என்றால் வரவாவது 4,900. விற்றவர் 100 அலகையும் முழுசாகத்தான் கொடுத்தார். உங்களுக்கு 250 குறைகிறது. கட்டணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. விகிதம் எதிர்த்திசையில் போயிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் கூடவும் வரலாம். யாரும் இதில் ஏமாற்றவில்லை, ஆனால் எதிர்பார்க்காதவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

கார்டு மாறிவிட்டால்? தொலைந்துபோனதாலோ காலாவதியானதாலோ அதே வங்கி உங்களுக்குப் புதுக் கார்டு தந்திருந்தால், பழைய எண்ணுக்கு வரும் ரீஃபண்டை வங்கி வழக்கமாகப் புதுக் கணக்கோடு பொருத்திவிடும். கணக்கையே மூடிவிட்டீர்கள் என்றால்தான் சிக்கல். பணம் வங்கியில் தனியாக நிற்கும், அல்லது விற்றவருக்கே திரும்பிப் போகும். இந்த ஒரு நிலையில் கார்டு வழி சரிப்படாது.

## இரண்டாவது வழி: வாலட்டுக்கு

வாலட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன. முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

போனில் கார்டைச் சேர்த்துவிட்டு, போனைக் காட்டிப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் அது வெறும் முகப்புதான். பின்னால் இருப்பது கார்டு. ரீஃபண்டும் கார்டு வழியாகவே, கார்டின் நாள் கணக்கிலேயே வரும். இதில் ஒரு சின்ன விசித்திரம் உண்டு: போனில் சேரும் கார்டுக்கு வேறொரு எண் தரப்படுகிறது. அதனால் ரசீதில் உள்ள கடைசி நான்கு இலக்கமும் கையில் இருக்கும் கார்டின் கடைசி நான்கு இலக்கமும் ஒத்துப்போகாது. ‘இது உங்கள் கார்டு இல்லையே’ என்று கவுன்டரில் சொன்னால், வாங்கும்போது பயன்படுத்திய அதே போனைக் காட்டினால் போதும்.

பணத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளும் வாலட் இரண்டாவது வகை. மூன்றாவது, ஒரே விற்பனையாளரிடம் மட்டும் செல்லும் கிரெடிட். அதையும் அவர்கள் வாலட் என்றே அழைப்பார்கள். இந்த இரண்டும் நொடியில் வரவாவதன் காரணம் எளிமையானது. எந்தப் பணமும் எந்த வங்கிக்கும் போவதில்லை. ஒரே நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியில் குறைத்து இன்னொரு வரியில் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வேகம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாலட்டிலிருந்தே கட்டி, வாலட்டுக்கே திரும்பப் பெற்று, அடுத்த வாரமே அதைச் செலவழிக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

கார்டில் கட்டிவிட்டு ரீஃபண்டை மட்டும் வாலட்டில் வாங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. கிரெடிட் கார்டில் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. பில் வரும்போது உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். வாலட்டில் இருக்கும் தொகையைக் கொண்டு அந்த பில்லைக் கட்ட முடியுமா என்பது வாலட்டைப் பொறுத்தது. வங்கிக்கு மாற்றும் வசதி சிலவற்றில் இருக்கும், அதற்குக் கட்டணமோ அடையாளச் சரிபார்ப்போ கேட்கலாம். விற்பனையாளரின் சொந்த கிரெடிட்டில் அந்த வசதியே பெரும்பாலும் இருக்காது. காலாவதித் தேதியும் இருக்கலாம். வாலட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்றால், ஏற்கெனவே அதில் நிறையப் பணம் இருக்கும்போது ரீஃபண்ட் உள்ளே நுழையாமல் நின்றுவிடவும் வாய்ப்புண்டு.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது முறையீட்டு உரிமை. கார்டுக்கு வர வேண்டிய ரீஃபண்ட் வரவில்லையென்றால், உங்கள் வங்கி மூலமாக விற்றவரின் வங்கியிடமிருந்தே பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி ஒன்று இருக்கிறது. சார்ஜ்பேக் என்பார்கள். வாலட் கிரெடிட்டை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டால், விற்றவர் கடனைத் தீர்த்துவிட்டார் என்று ஆகிவிடும். அப்புறம் அந்த கிரெடிட் செல்லாமல்போனாலும் கார்டு வங்கியிடம் போய் வாதாடுவது கடினம்.

விற்பனையாளர்கள் வாலட்டை ஏன் இவ்வளவு ஆசையாக முன்னால் வைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். பணம் அவர்களை விட்டு வெளியே போவதில்லை, நீங்கள் திரும்பவும் அங்கேயே வாங்குவீர்கள். ‘வாலட்டில் வாங்கினால் கொஞ்சம் கூடுதல்’ என்று சலுகை தந்தால், அது எதற்கான விலை என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

ஒரே வாங்கலுக்குப் பாதி வாலட்டிலிருந்தும் பாதி கார்டிலிருந்தும் கட்டியிருந்தால், ரீஃபண்டும் இரண்டாகப் பிரிந்து வரும். வாலட் பாதி உடனே, கார்டு பாதி நாள்கள் கழித்து. பாதிதான் வந்தது என்று பதறுகிறவர்களில் பலருக்கு விஷயம் இதுதான்.

## மூன்றாவது வழி: வங்கிக் கணக்குக்கு

வங்கிப் பரிமாற்றம் என்பது அனுப்புகிறவர் தள்ளிவிடும் பணம். அதற்கு வந்த வழியே திரும்பும் பாதை வழக்கமாகக் கிடையாது. நீங்கள் விற்றவருக்கு அனுப்பிய பணத்தை அவர் ‘ரத்து’ செய்ய முடியாது. அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு ஒரு புதிய பரிமாற்றம் செய்ய வேண்டும். அதற்கு உங்கள் கணக்கு எண் வேண்டும், யாராவது அதைப் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். பல நிறுவனங்களில் இந்தப் பட்டியலை வாரத்தில் சில நாள் மட்டும் வங்கிக்கு அனுப்புகிறார்கள்.

ஆகவே இந்த வழியில் நாள்கள் போவது பெரும்பாலும் வங்கிகளுக்கிடையே இல்லை, விற்றவரின் மேசையில்தான். உடனடிப் பரிமாற்ற முறைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. ஐரோப்பாவின் உடனடி யூரோ பரிமாற்றத்துக்கு விதிக்கப்பட்ட கால அளவு 10 நொடி. பணம் கிளம்பியதும் வந்துவிடும். கிளம்புவதற்குத்தான் மூன்று நாள். விற்றவர் கட்டுக் கட்டாகப் போகும் பழைய பரிமாற்ற முறையைப் பயன்படுத்தினால், அன்றைய நேர எல்லையும் வங்கி விடுமுறையும் சேர்ந்து இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ கூடும்.

போன் செயலி வழியாகக் கணக்கிலிருந்து நேராகப் பணம் கட்டும் முறைகளில் நிலைமை கொஞ்சம் நல்லது. நடுவில் இருக்கும் கேட்வே பழைய பரிவர்த்தனையின் விவரத்தை வைத்திருப்பதால், உங்களிடம் எதுவும் கேட்காமல் அதே கணக்குக்குத் திருப்பி அனுப்ப முடிகிறது. மூன்று வழிகளிலும் நல்ல அம்சங்கள் ஒன்றுசேர்வது இதில்தான் என்பேன்.

கணக்கு எண்ணைக் கையால் தட்டுகிற இடத்தில்தான் ஆபத்து. இல்லாத எண் என்றால் பணம் சில நாளில் விற்றவருக்கே திரும்பிவிடும். எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆனால் ஓர் இலக்கம் மாறி, அது வேறொருவரின் உண்மையான கணக்காக இருந்தால், பணம் அவருக்குப் போய்விடும். பெயரைப் பொருத்திப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கும் வங்கிகளும் உண்டு. தவறான எண்ணைத் தந்தது நீங்கள் என்றால், விற்றவர் தன் கடமையை முடித்துவிட்டதாகச் சொல்வார். எண்ணைத் தட்டாமல் வங்கிச் செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

நாடு தாண்டி வரும் பணம் என்றால், நடுவில் இருக்கும் வங்கிகள் தங்கள் கட்டணத்தைத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். தேடுவதற்கு மட்டும் வசதி நன்றாக இருக்கிறது: ஸ்விஃப்ட் வழியாக வரும் பரிமாற்றத்துக்கு UETR என்ற 36 எழுத்து நீளமுள்ள அடையாளம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி உங்கள் வங்கியிடம் கொடுத்தால், எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கும் ஒரு பரிமாற்ற எண் இருக்கும். ‘அனுப்பிவிட்டோம்’ என்பவரிடம் அதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரீஃபண்ட் பெயரில் நடக்கும் மோசடி பெரும்பாலும் ‘கணக்குக்கு அனுப்புகிறோம்’ என்றுதான் ஆரம்பிக்கும். பணம் பெறக் கணக்கு எண்ணும், கணக்கு வைத்திருப்பவர் பெயரும், கிளையைக் குறிக்கும் குறியீடும் போதும். பின் நம்பரோ ஓடிபியோ கார்டின் பின்பக்க எண்ணோ பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை. அவற்றில் ஒன்றைக் கேட்டாலும், திரையைப் பகிரச் சொன்னாலும், போனை வைத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | செலுத்திய கார்டு | வாலட் இருப்பு | வங்கிக் கணக்கு |
|---|---|---|---|
| வழக்கமான காலம் | வசூலுக்கு முன் ரத்து: சில மணி முதல் ஒரு வாரம்; பிறகு: பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், சிலசமயம் மேலும் | சில நொடிகள் | கிளம்பினால் நொடிகள் முதல் இரண்டு நாள்; கிளம்பவே சில நாள் ஆகலாம் |
| நாள்கள் எங்கே போகின்றன | கட்டு, வார இறுதி, உங்கள் வங்கியின் வரவு | எங்கும் இல்லை. வெளியே எடுக்கும்போதுதான் | விற்றவரின் ஒப்புதல் வரிசை |
| தொகை குறைய வாய்ப்பு | நாணய மாற்று, வெளிநாட்டுக் கட்டணம் | எடுக்கும் கட்டணம், காலாவதி | நடு வங்கிக் கட்டணம் (நாடு தாண்டினால்) |
| தேட அடையாளம் | 23 இலக்க எண் | வாலட் வரலாறு மட்டும் | பரிமாற்ற எண் |
| வராவிட்டால் முறையிட | கார்டு வங்கி மூலம் சார்ஜ்பேக் | வாலட் நிறுவனத்திடமே | விற்றவரிடமே. பிறகு நுகர்வோர் அமைப்புகள் |

## யாருக்கு எது?

தொகை பெரிது, விற்றவர் உங்களுக்குப் புதியவர், அல்லது அவர் நிலைமை சரியில்லை என்று கேள்விப்படுகிறீர்கள்: கார்டுக்கே வாங்குங்கள். ஒரு வாரம் காத்திருப்பது, முறையீட்டு உரிமையைக் கையில் வைத்துக்கொள்வதற்கான விலை. தவணையிலோ கிரெடிட் கார்டிலோ வாங்கியிருந்தாலும் அதேதான். கடன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரவும் போக வேண்டும்.

தொகை சிறியது, அந்த விற்பனையாளரிடம் அடிக்கடி வாங்குகிறீர்கள், கட்டியதும் வாலட்டிலிருந்துதான்: வாலட்டே சரி. டெபிட் கார்டில் கட்டிய சின்னத் தொகைக்கும், அடுத்த வாங்கல் நிச்சயம் என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

கார்டுக் கணக்கை மூடிவிட்டீர்கள், ரொக்கமாகக் கட்டினீர்கள், அல்லது முதலிலேயே வங்கிப் பரிமாற்றம்தான் செய்தீர்கள்: வங்கிக் கணக்கு. கார்டில் கட்டியிருந்தும், கார்டு கணக்கு உயிரோடு இருந்தும், விற்றவர் ‘கணக்கு எண் கொடுங்கள், அதில் போடுகிறோம்’ என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். கார்டு நெட்வொர்க்குகளின் விதிப்படி ரீஃபண்ட் வழக்கமாக அதே கார்டுக்கே போக வேண்டும்; இந்தக் கோரிக்கைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## சொன்ன நாள் தாண்டிவிட்டால்

முதலில் விற்றவரிடம், ‘எப்போது வரும்?’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் ‘விரைவில்’ என்றுதான் இருக்கும். ‘எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், அதற்கான எண் என்ன?’ என்று கேளுங்கள். கார்டு என்றால் 23 இலக்க எண், வங்கி என்றால் பரிமாற்ற எண். எண் கிடைத்தால் பிரச்சினை உங்கள் வங்கிப் பக்கம். அந்த எண்ணோடு அங்கே போங்கள். எண் கிடைக்கவில்லையென்றால் பிரச்சினை விற்றவர் பக்கம். உங்கள் வங்கியின் கஸ்டமர் கேரில் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பயனில்லை.

ரீஃபண்ட் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் ரசீதையும் அழிக்காமல் வையுங்கள். கார்டு வங்கியில் முறையிடும்போது, ‘ஒப்புக்கொண்ட வரவு வரவில்லை’ என்ற தனிப் பிரிவிலேயே அது எடுத்துக்கொள்ளப்படும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு: ரீஃபண்ட் தேதியிலிருந்து பொதுவாக 15 நாளாவது பொறுத்திருக்க வேண்டும், 120 நாளுக்குள் முறையிட்டுவிட வேண்டும். உங்கள் வங்கி இதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம். ‘அடுத்த வாரம்’ என்று மாதக்கணக்கில் இழுக்கும் விற்பனையாளரிடம் பேசிக்கொண்டே இந்த 120 நாளைக் கடத்திவிடாதீர்கள். ஒரு மாதம் ஆனதுமே வங்கியில் முறையீட்டைப் பதிந்துவிட்டு, அதன் பிறகு அவரிடம் பேச்சைத் தொடருங்கள்.